வடைக்கு விலை மைனஸ் ஐந்து ரூபாய்

ஓர் அலுவலகத்துக்குக் காலை டிபன் பக்கத்து மெஸ்ஸிலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு இரண்டு இட்லி, ஒரு வடை. பில்லில் தனித்தனி விலை இருக்காது, மொத்தத் தொகை மட்டும்தான். பத்துப் பேர் வந்த நாளில் 20 இட்லி, 10 வடை, 350 ரூபாய். ஐந்து பேர் வந்த நாளில் 10 இட்லி, 5 வடை, 175 ரூபாய். மூன்று மாத பில்களை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாலும் இட்லி என்ன விலை, வடை என்ன விலை என்று உங்களால் சொல்ல முடியாது. இட்லி 10, வடை 15 என்றாலும் எல்லா பில்லும் பொருந்தும். இட்லி 12, வடை 11 என்றாலும் பொருந்தும். இட்லி 17, வடை 1 என்றாலும் பொருந்தும்.

ஒரு நாள் யாரோ ஒருவர் கூடுதலாக ஒரு வடை கேட்கிறார். 20 இட்லி, 11 வடை. இட்லி 10, வடை 15 என்பதுதான் உண்மை விலை என்றால் 365 ரூபாய் ஆகியிருக்க வேண்டும். ஆனால் அன்று மெஸ்காரர் தெரிந்தவர்களாயிற்றே என்று 20 ரூபாய் விட்டுக்கொடுத்து 345 வாங்கிக்கொள்கிறார். இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு வடை கூடியதும் பில் 350இலிருந்து 345 ஆகக் குறைந்திருக்கிறது. ஆகவே வடையின் விலை மைனஸ் ஐந்து ரூபாய். அப்படியானால் இட்லி 20 ரூபாய். கூட்டிப் பாருங்கள், பழைய பில்கள் அத்தனையும் அப்போதும் கச்சிதமாகப் பொருந்தும்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. நாளைக்குப் பத்துப் பேர் வந்தால் எவ்வளவு ஆகும் என்று கேட்டால், இந்த விசித்திர விலைகளே 350 என்று சரியான விடை தந்துவிடும். ஆனால் வடையை நிறுத்தினால் எவ்வளவு மிச்சமாகும் என்று கேட்டால் விடை அபத்தம். கூட்டுத்தொகை தெளிவாகத் தெரிகிறது, அதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதுதான் தெரியவில்லை. எப்போதும் சேர்ந்தே வரும் இரண்டைத் தரவால் பிரிக்க முடியாத இந்த நிலைக்குத்தான் புள்ளியியலில் மல்டிகொலினியாரிட்டி என்று பெயர். நார்வே பொருளியலாளர் ராக்னர் ஃப்ரிஷ் 1934இல் எழுதிய நூலில் இதை முறையாக ஆராய்ந்தார்.

ஒரு விளைவின் மேல் பல காரணிகளின் பங்கைக் கணக்கிடும் முறைக்கு ரிக்ரெஷன் என்று பெயர். நம் பாடநூல்கள் தொடர்புப் போக்கு என்கின்றன. விளைந்தது எவ்வளவு, ஒவ்வொரு காரணியும் எவ்வளவு இருந்தது என்ற பட்டியலைக் கொடுத்தால், ஒவ்வொரு காரணிக்கும் அது ஒரு கெழுவைத் தரும். மற்றவை எல்லாம் மாறாமல் இருக்க, இந்தக் காரணி மட்டும் ஒன்று கூடினால் விளைவு எவ்வளவு மாறும் என்பதே அந்தக் கெழு. ‘மற்றவை மாறாமல் இருக்க’ என்ற மூன்று சொற்களில்தான் வினை இருக்கிறது. இட்லி கூடாமல் வடை மட்டும் கூடிய நாள் ஒன்றுகூட இல்லையென்றால் எதை வைத்து அதைச் சொல்வது?

இந்தச் சிக்கலைப் பேசும்போதெல்லாம் புள்ளியியல்காரர்கள் திரும்பத் திரும்ப எடுக்கும் பட்டியல் ஒன்று உண்டு. ஜேம்ஸ் லாங்லி 1967இல் வெளியிட்டது. 1947 முதல் 1962 வரை அமெரிக்காவில் வேலையில் இருந்தோர் எண்ணிக்கை ஒரு பக்கம், அதை விளக்குவதற்கு ஆறு காரணிகள் மறுபக்கம். நாட்டின் மொத்தத் தேசிய உற்பத்தி, விலைக் குறியீடு, வேலையில்லாதோர், படையில் இருந்தோர், 14 வயதுக்கு மேற்பட்ட மக்கள்தொகை, ஆண்டு. மொத்தம் 16 வரிகள்தான். லாங்லியின் கவலை அப்போது புதிதாக வந்திருந்த கணினி நிரல்களைப் பற்றியது. மேசைக் கணிப்பானில் கையாலேயே முழுக் கணக்கையும் போட்டார். அதே பட்டியலைப் பல நிரல்களுக்கும் கொடுத்தார். விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. காரணிகள் இவ்வளவு ஒட்டிக்கிடந்ததால் இடையில் நடந்த சிறு முழுமையாக்கல் பிழைகளே விடையைப் புரட்டிப்போட்டன. இன்று எந்த நல்ல மென்பொருளும் இதைச் சரியாகக் கணக்கிட்டுவிடும். நமக்கு வேண்டியது அதற்கடுத்த கேள்வி: கணக்குப் பிழையே இல்லாதபோதும் அந்த விடையை நம்பலாமா?

ஆர் மென்பொருளை நிறுவினால் இந்தப் பட்டியல் கூடவே வந்துவிடும். car தொகுப்பையும் நிறுவிக்கொண்டால் மூன்று வரி தட்டினால் போதும்.

```r
m <- lm(Employed ~ ., data = longley)
summary(m)
car::vif(m)
```

முதல் பார்வைக்கு அற்புதமான மாதிரி. வேலைவாய்ப்பின் ஏற்ற இறக்கத்தில் 99.55 சதவீதத்தை ஆறு காரணிகளும் சேர்ந்து விளக்கிவிடுகின்றன. ஆனால் தேசிய உற்பத்திக்கு எதிரே வந்திருக்கும் கெழுவைப் பாருங்கள். உற்பத்தி 100 கோடி டாலர் கூடினால் வேலையில் இருப்போர் சுமார் 36,000 பேர் குறைவார்களாம். வளரும் நாட்டில், அதுவும் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில், உற்பத்தி பெருகப் பெருக வேலை போனதா? உற்பத்தியை மட்டும் தனியாக வைத்து ரிக்ரெஷன் போட்டால் அதே 100 கோடி டாலருக்கு 34,750 வேலைகள் கூடுவதாக வருகிறது. தனியாகக் கேட்டால் கிட்டத்தட்ட 35,000 கூடும், கூட்டத்தில் வைத்துக் கேட்டால் 36,000 குறையும். அதுதான் அந்த வடை.

இட்லியும் இதே பட்டியலில் இருக்கிறது. ‘ஆண்டு’ என்ற காரணியின் கெழு, மற்றவை மாறாமல் இருந்தால் வருடத்துக்கு 18.29 லட்சம் வேலை கூடும் என்கிறது. நிஜத்தில் 15 வருடங்களில் வேலையில் இருப்போர் 6.03 கோடியிலிருந்து 7.06 கோடியானார்கள். வருடத்துக்கு 6.8 லட்சம்தான். ஆண்டுக்கு அளவுக்கு மீறிக் கொடுத்துவிட்டு, அந்த மிகையில் பெரும்பகுதியை உற்பத்தியின் பெயரில் கழித்துக் கணக்கை நேர்செய்திருக்கிறது மாதிரி. இட்லிக்கு 20, வடைக்கு மைனஸ் 5 என்று பிரித்ததற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

மாதிரி நம்மை ஏமாற்றவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு கெழுவுக்கும் பக்கத்தில் அதன் திட்டப் பிழையை அச்சிட்டுத் தருகிறது. கெழு எவ்வளவு ஆடக்கூடியது என்பதன் அளவு அது. உற்பத்தி தனியாக இருந்தபோது அது 1,706 வேலைகள். ஆறு பேர் கூட்டத்தில் 33,490. இருபது மடங்கு. 95 சதவீத நம்பிக்கை இடைவெளியாகச் சொன்னால், 100 கோடி டாலர் உற்பத்தி 1.12 லட்சம் வேலையைக் குறைக்கவும் செய்யலாம், 40,000 வேலையைக் கூட்டவும் செய்யலாம். ‘எனக்குத் தெரியவில்லை’ என்று மாதிரி நேர்மையாகவே சொல்கிறது. மைனஸ் குறியைப் பிடித்துக்கொண்டு கதை எழுதுவது நாம்தான்.

இந்த ஆட்டத்துக்கு எந்தக் காரணி எவ்வளவு பொறுப்பு என்று அளக்கத்தான் மாறுபாட்டு வீக்கக் காரணி இருக்கிறது. புழக்கத்தில் வி.ஐ.எஃப். என்பார்கள். பெயர் மிரட்டினாலும் செய்முறை எளிது. வேலைவாய்ப்பைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். உற்பத்தியை எடுத்து, மற்ற ஐந்து காரணிகளைக் கொண்டு அதைக் கணிக்கப் பாருங்கள். எவ்வளவு நன்றாகக் கணிக்க முடிகிறதோ அவ்வளவு தூரம் உற்பத்தியிடம் சொந்தச் செய்தி இல்லை என்று பொருள்.

```r
g <- lm(GNP ~ . - Employed, data = longley)
1 / (1 - summary(g)$r.squared)
```

மற்ற ஐந்தும் சேர்ந்து உற்பத்தியின் மாற்றத்தில் 99.944 சதவீதத்தைச் சொல்லிவிடுகின்றன. உற்பத்திக்கென்று எஞ்சுவது 0.056 சதவீதம். VIF = 1 / (1 − R²) என்ற சூத்திரத்தில் இதைப் போட்டால் 1,788 என்று வரும். காரணிகள் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாமல் இருந்திருந்தால் கெழுவின் மாறுபாடு எவ்வளவு இருந்திருக்குமோ, அதைப்போல 1,788 மடங்கு வீங்கியிருக்கிறது என்று இதற்கு அர்த்தம். திட்டப் பிழை என்பது மாறுபாட்டின் வர்க்கமூலம். ஆகவே அது வீங்கியது 42 மடங்கு. முன்னே இருபது மடங்கு என்றேனே என்று கேட்கலாம். மற்ற காரணிகள் உள்ளே வந்ததால் விளக்கப்படாத மிச்சம் பாதிக்கும் கீழே குறைந்தது. அந்த லாபம் 42இல் பாதியை ஈடுகட்டிவிட்டது. வி.ஐ.எஃப். எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இந்த ஈட்டைக் கணக்கில் எடுப்பதில்லை. திட்டப் பிழையைத் தீர்மானிப்பதில் தரவின் அளவு, மிச்சத்தின் அளவு, காரணியின் வீச்சு மூன்றுக்கும் பங்கு உண்டு. வி.ஐ.எஃப். நான்காவது ஆள்.

மற்றவற்றுக்கு வந்த எண்கள்: ஆண்டு 759, மக்கள்தொகை 399, விலைக் குறியீடு 136, வேலையில்லாதோர் 33.6, படையினர் 3.6. இந்த வரிசையில் என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது வேலையில்லாதோருக்கு வந்த 33.6. பலர் காரணிகளை இரண்டிரண்டாக எடுத்து ஒட்டுறவு அட்டவணை போட்டு, 0.9க்கு மேல் இருப்பதைச் சிவப்பில் வட்டமிட்டு, சோதனை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். உற்பத்திக்கும் ஆண்டுக்கும் ஒட்டுறவு 0.995. அது வட்டத்துக்குள் மாட்டிக்கொள்ளும். ஆனால் வேலையில்லாதோருக்கு வேறு எந்தக் காரணியோடும் ஒட்டுறவு 0.69ஐத் தாண்டவில்லை. அட்டவணையில் அது அப்பாவியாக நிற்கிறது. ஐந்து பேரையும் சேர்த்துக் கேட்டால்தான் அதன் மாற்றத்தில் 97 சதவீதத்தை அவர்களால் சொல்ல முடிகிறது என்று தெரியவருகிறது. ஒட்டு என்பது இருவருக்கிடையில் மட்டும் இருப்பதல்ல, கூட்டாகவும் இருக்கும். ஒட்டுறவு அட்டவணை செய்ய முடியாத வேலையை வி.ஐ.எஃப். செய்வது இங்கேதான்.

சரி, இனி யாரை வெளியே அனுப்புவது?

வி.ஐ.எஃப். பத்தைத் தாண்டினால் எடுத்துவிடு என்பது பாடப்புத்தக வழக்கு. ஐந்து என்று வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. இந்த எல்லைகளுக்குப் பின்னால் எந்தத் தேற்றமும் இல்லை. ராபர்ட் ஓ’பிரையன் 2007இல் இதற்கென்றே ஓர் எச்சரிக்கைக் கட்டுரை எழுதினார். லாங்லி பட்டியலில் பத்து விதியை அப்படியே போட்டால் ஆறில் ஐந்து காரணிகள் குற்றவாளிகள். வேலையில்லாதோரும் அதில் அடக்கம். ஆனால் அந்தக் கெழுவையும் அதன் திட்டப் பிழையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: மைனஸ் 2.02, பிழை 0.49. 33 மடங்கு வீங்கிய பிறகும் கெழு தன் பிழையைவிட நான்கு மடங்கு பெரியது. வீக்கத்தையும் மீறித் தெளிவாகப் பேசும் காரணியை எண்ணைக் காட்டி வெளியேற்றுவது தவறு.

இன்னொரு வழக்கம், தேர்வை மென்பொருளிடமே விட்டுவிடுவது. `step(m)` என்று தட்டினால் அதுவே ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்துச் சிறந்த கூட்டணியைத் தரும். இங்கே விலைக் குறியீட்டையும் மக்கள்தொகையையும் நீக்குகிறது. மீதி நான்கும் இருந்துவிடுகின்றன: உற்பத்தி, வேலையில்லாதோர், படையினர், ஆண்டு. விளக்கும் திறன் 99.54 சதவீதம், ஏறக்குறைய பழையபடியே. ஆனால் உற்பத்தியின் கெழு இப்போதும் மைனஸ்தான், 40,200. அதன் வி.ஐ.எஃப். இன்னும் 515. இதில் எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம் வேறு. திட்டப் பிழை 16,500 ஆகக் குறைந்துவிட்டதால், அந்த மைனஸ் குறி இப்போது ‘புள்ளியியல் முக்கியத்துவம்’ என்ற நட்சத்திரக் குறியும் வாங்கிவிட்டது. ஆறு காரணிகள் இருந்தபோதாவது மாதிரி தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டது. தானியங்கித் தேர்வு அந்தத் தயக்கத்தைத் துடைத்துவிட்டு, உற்பத்தி வேலையைக் குறைக்கிறது என்று அடித்துச் சொல்கிறது. அந்த நிரல் தேடியது கணிப்புக்கு நல்ல கூட்டணியை. ஒட்டிப்பிறந்தவர்களைப் பிரிக்கச் சொல்லி யாரும் அதனிடம் கேட்கவில்லை.

நான் தொடங்குவது எண்களிலிருந்து அல்ல, காரணிகளின் பெயர்களிலிருந்து. முதல் கேள்வி, ஒரே சங்கதியை இரண்டு முறை எழுதியிருக்கிறோமா என்பது. லாங்லி பட்டியலில் தேசிய உற்பத்தி அந்தந்த ஆண்டின் விலையில் இருக்கிறது. 1947இல் 23,429 கோடி டாலர், 1962இல் 55,489 கோடி. 2.4 மடங்கு வளர்ச்சி போலத் தெரிகிறது. அதில் ஒரு பகுதி வெறும் விலையேற்றம். அந்த விலையேற்றத்தை அளக்கும் குறியீடோ தனிக் காரணியாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. இரண்டில் ஒன்றைத் தூக்கி எறிய வேண்டிய அவசியமே இல்லை. ஒன்றை மற்றதால் வகுத்தால் போதும். 1954 விலையில் உற்பத்தி 28,230 கோடியிலிருந்து 47,470 கோடியாகிறது. 1.7 மடங்கு. இரண்டு காரணிகள் இருந்த இடத்தில் இப்போது ஒன்று, அதுவும் முன்னைவிடப் பொருளுள்ள ஒன்று. நீக்குவது என்று முடிவெடுக்கும் முன் இப்படிச் சேர்க்க வழியிருக்கிறதா என்று பார்ப்பது என் பழக்கம். ஆனால் சேர்ப்பதும் எல்லா ஒட்டையும் தீர்த்துவிடாது. விலையைக் கழித்த பிறகும் உற்பத்தி ஆண்டோடு சேர்ந்தேதான் ஏறுகிறது.

ஆண்டு, உற்பத்தி, மக்கள்தொகை மூன்றும் ஒரே ஏணியில் ஏறுபவை. இவற்றில் ஒன்று இருந்தால் போதும். எது என்பதற்கு வி.ஐ.எஃப். விடை சொல்லாது. இருவர் ஒட்டியிருந்தால் இருவர் எண்ணும் பெரிதாகவே வரும். யார் இருக்க வேண்டியவர் என்று அதற்கு எப்படித் தெரியும்? உங்கள் கேள்வி என்ன என்பதுதான் தீர்மானிக்கும். காலப்போக்கைக் கழித்துவிட்டுப் படையினர் எண்ணிக்கையின் விளைவைப் பார்ப்பது நோக்கமென்றால் ஆண்டை வைத்துக்கொள்ளலாம். பொருளாதார வளர்ச்சி எத்தனை வேலை தருகிறது என்பது கேள்வியென்றால், உற்பத்தியை நீக்கிவிட்டு ஆண்டை வைத்துக்கொள்வது கேள்வியையே நீக்குவதற்குச் சமம். ஆண்டு யாருக்கும் வேலை தருவதில்லை.

இரண்டையும் செய்து பார்த்தேன். வேலையில்லாதோர், படையினர், ஆண்டு என்று மூன்றை வைத்தால் விளக்கும் திறன் 99.28 சதவீதம். வருடத்துக்கு 9.56 லட்சம் வேலை, திட்டப் பிழை வெறும் 36,000. வி.ஐ.எஃப். எண்கள் 3.9, 3.3, 2.2. கவனியுங்கள், வேலையில்லாதோர் காரணியை நாம் தொடவே இல்லை. ஆனாலும் அதன் வி.ஐ.எஃப். 33.6இலிருந்து 3.3க்கு இறங்கிவிட்டது. பெரிய எண்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நீக்காமல், ஒன்றை எடுத்ததும் மறுபடி கணக்கிட்டுப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். ஒருவர் போனதும் மற்றவர் குற்றமற்றவராகிவிடுவார்.

ஆண்டுக்குப் பதில் உற்பத்தியை வைத்தால் விளக்கும் திறன் 98.5 சதவீதம். வி.ஐ.எஃப். எண்கள் எல்லாம் 3.2க்குள். உற்பத்தியின் கெழு இப்போது பிளஸ்: 100 கோடி டாலருக்குச் சுமார் 41,000 வேலை, திட்டப் பிழை 2,200. நம் பொதுப்புத்தியோடு பொருந்துகிறது.

இங்கேயே பேனாவை மூடிவிடத் தோன்றும். ஆனால் நீக்கியதற்கு ஒரு விலை இருக்கிறது. படையினர் கெழுவைப் பாருங்கள். ஆறு காரணிகள் இருந்தபோது, படையில் ஒருவர் கூடினால் வெளிவேலையில் 1.03 பேர் குறைவார்கள் என்றது. ஆண்டு இருக்கும் மூவர் மாதிரியில் அது 0.77. உற்பத்தி இருக்கும் மூவர் மாதிரியில் 0.48, அதுவும் நிச்சயமில்லாமல் தள்ளாடும் 0.48. இதில் எது நம்பத்தக்கது என்று யோசிக்க ஓர் எளிய கணக்கு உதவும். வேலையில் இருப்போர், வேலையில்லாதோர், படையினர் மூவரையும் கூட்டினால் நாட்டின் மொத்த உழைப்போர் படை கிடைக்கும். 1947இல் அது 14 வயதைத் தாண்டியோரில் 59.7 சதவீதம், 1962இல் 59.5 சதவீதம். கூட்டுத்தொகை ஏறக்குறைய மக்கள்தொகையோடு கட்டிவைத்தாற்போல நிற்கும்போது, ஒருவர் படைக்குப் போனால் மற்ற இரண்டு கூட்டத்தில் ஒருவர் குறைய வேண்டும். வேலையில்லாதோர் எண்ணிக்கையை மாறாமல் பிடித்துவைத்திருப்பதால், அந்த ஒருவர் வேலையில் இருப்போரிடமிருந்துதான் குறைய முடியும். எதிர்பார்க்க வேண்டியது மைனஸ் 1. மக்கள்தொகையை எடுத்துவிட்டு உற்பத்தியை உட்கார வைத்ததும் அந்த மைனஸ் 1, மைனஸ் 0.48 ஆகிவிட்டது. போனவரின் பங்கை இருப்பவர்கள் தமக்குள் பகிர்ந்துகொண்டதன் விளைவு இது. ஒட்டிய காரணியை வைத்திருந்தால் கெழு ஆடும், எடுத்தால் கெழு சாயும். ஆட்டத்தையாவது திட்டப் பிழை காட்டிக்கொடுக்கும். சாய்வைக் காட்டிக்கொடுக்க அச்சுத்தாளில் எந்த எண்ணும் இல்லை.

ஆகவே, நான் ஆராய வந்த காரணியின் வி.ஐ.எஃப். சிறிதாக இருந்து, பின்னணிக்காகச் சேர்த்த காரணிகள் மட்டும் தங்களுக்குள் ஒட்டிக்கிடந்தால், அவற்றை அப்படியே விட்டுவிடுவேன். படையினரின் விளைவைத்தான் தேடுகிறேன் என்றால் ஆறையும் வைத்த மாதிரியே எனக்குச் சரி. அதன் வி.ஐ.எஃப். 3.6தான், திட்டப் பிழை 0.21. உற்பத்திக்கு 1,788 வந்தால் என்ன, நான் அந்த வரியைப் படிக்கப்போவதில்லை. வெறும் கணிப்புக்கு மாதிரி போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும், காரணிகள் இனியும் இதுவரை போலவே சேர்ந்து நகரும் என்றால் மட்டும். உற்பத்தி நின்று ஆண்டு மட்டும் நகரும் நாள் வந்தால், இட்லி 20, வடை மைனஸ் 5 என்ற கணக்கோடு பில் கட்டப் போனவர் நிலைதான்.

அப்படிப்பட்ட நாட்கள் இந்தப் பட்டியலிலேயே இருக்கின்றன. வரி வரியாகப் படித்தால் கண்ணில் படும். 1949, 1954, 1958. மூன்றும் மந்த ஆண்டுகள். 1949இல் உற்பத்தி 25,943 கோடி டாலரிலிருந்து 25,805 கோடிக்கு இறங்கியது. 1954இலும் இறங்கியது. 1958இல் ஏறக்குறைய அசையவில்லை. ஆண்டும் மக்கள்தொகையும் வழக்கம்போல ஏறின. உற்பத்தியை மற்றவற்றிடமிருந்து பிரித்துக் காட்டும் செய்தி முழுக்க இந்த மாதிரி வரிகளில்தான் இருக்கிறது. கூடுதல் வடை வாங்கிய நாட்கள் இவைதான். மூன்று ஆண்டுகளிலும் வேலையில் இருப்போர் குறைந்தார்கள். ஆனால் அதே ஆண்டுகளில் வேலையில்லாதோர் எண்ணிக்கை துள்ளி ஏறியது. அதுவும் ஒரு காரணியாக உள்ளே இருப்பதால், வேலை குறைந்ததற்கான பொறுப்பை எல்லாம் அது வாங்கிக்கொண்டது. உற்பத்திக்குக் கிடைத்தது அதற்குப் பிறகு மிஞ்சிய தூசி. அந்தத் தூசியிலிருந்துதான் மைனஸ் 36,000 பிறந்தது.

அடுத்த பத்து வருடங்களை இதே பட்டியலில் சேர்த்தாலும் பெரிய மாற்றம் வராது. எல்லாம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். அதைவிட ஒரே ஆண்டில் அமெரிக்காவின் மாநிலங்களைத் தனித்தனி வரியாக எடுத்தால் பலன் உண்டு. மக்கள்தொகை பெரிதாக இருந்தும் உற்பத்தி குறைந்த மாநிலம் ஒன்று இருக்கும், உற்பத்தி நின்றுபோய் மக்கள் மட்டும் வந்து குவிந்த மாநிலம் இன்னொன்று இருக்கும், எல்லாவற்றுக்கும் ஆண்டு ஒன்றேதான். லாங்லியின் 16 வரிகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உற்பத்தியின் தனிப் பங்கு என்ன என்று யாராவது கேட்டால், நான் உற்பத்தியை வைத்த மூவர் மாதிரியைக் கொடுத்து, அதன் கீழே ஒரு வரி எழுதுவேன்: “41,000 என்பது உற்பத்தி, ஆண்டு, மக்கள்தொகை மூன்றும் சேர்ந்து ஏறியதன் பலன். மூன்றையும் பிரிக்க இந்தத் தரவால் முடியவில்லை.”